ஒரே பெயர்தான் இருக்கிறது, பாஸ்போர்ட்டைத் திருத்தணுமா?

வணக்கம் சார். என் பெயர் கயல்விழி, அப்பா பெயர் முத்தையா. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் 'மு. கயல்விழி'. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியல் போடக்கூடாது என்றார்கள், அதனால் கிவன் நேமில் KAYALVIZHI மட்டும் இருக்கிறது, சர்நேம் காலி. பான் கார்டில் KAYALVIZHI MUTHAIAH. ஆதாரில் Kayalvizhi M, வங்கிக் கணக்கில் M KAYALVIZHI. ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.எஸ். சேர்கிறேன். பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தில் என் கிவன் நேம் FNU என்று இருக்கிறது! 'பெயர் தெரியாதவள்' என்று எழுதிவிட்டார்களே என்று அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. டிக்கெட் போடும் தளத்தில் சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கமே வரவில்லை. போகும் வழியில் துபாயில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கவும் ஆசை, ஆனால் ஒற்றைப் பெயர் என்றால் துபாயில் விடமாட்டார்கள் என்கிறார் டிராவல் ஏஜென்ட். கெஜட்டில் பெயர் மாற்றாமல் வழியில்லை என்றும் சொல்கிறார். விசா நேர்காணலுக்கு இன்னும் தேதி வாங்கவில்லை. என்ன செய்யட்டும்?
(பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன)

அன்புள்ள கயல்விழி,

முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். FNU என்பது 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்' என்பதன் சுருக்கம். அமெரிக்கக் கணினி ஒரு பெட்டியைக் காலியாக விட மறுப்பதால் அதில் போடும் நிரப்புச் சொல் அது. அது உங்களுக்கு வைத்த பெயரும் இல்லை, உங்கள் மேல் சந்தேகம் என்றும் பொருள் இல்லை. ஒற்றைப் பெயரோடு போகும் ஏராளமான தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதே மூன்றெழுத்து விழுகிறது.

உங்கள் பாஸ்போர்ட்டிலும் தவறு எதுவும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கிவன் நேம்தான் கட்டாயம், சர்நேம் விருப்பம் இருந்தால் நிரப்பலாம். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட் முழுக்கச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். குடும்பப் பெயர் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. நாளைக்குத் திருமணமானால் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கும் சட்டம் கிடையாது, அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இது எப்படி வந்தது என்று தெரிந்தால் மற்றது சுலபம். மற்ற மாநிலங்களில் குடும்பப் பெயர் உட்காரும் இடத்தில் நம் ஊரில் பெரும்பாலும் சாதிப் பட்டம் உட்கார்ந்திருந்தது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. அப்புறம் இரண்டு மூன்று தலைமுறைகளில் பட்டம் போய், அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னால் நின்றது. அந்த எழுத்து 'எந்த முத்தையா மகள்' என்று ஊருக்குள் அடையாளம் காட்டப் போதுமானது. ஆனால் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு பெட்டியிலும் அது உட்காராது. நாம் மட்டும் இப்படி இல்லை. பர்மாவிலும் குடும்பப் பெயர் கிடையாது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் தாண்ட்தான், 'ஊ' என்பது நம் 'திரு' மாதிரி ஒரு மரியாதை. இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்கள் சுகர்னோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயர்க்காரர்கள்.

சிக்கல் எங்கே முளைக்கிறது

ஒற்றைப் பெயர் என்பதால் மட்டும் சிக்கல் வருவதில்லை. அந்த ஒரு பெயரை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு பக்கம் இழுப்பதால் வருகிறது. நம் பாஸ்போர்ட் அலுவலகம் அதைக் கிவன் நேமில் போடும். நம் வருமான வரித்துறையோ நேர் எதிர். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர்தான் கட்டாயம், ஒரே பெயர் உள்ளவர் அதைக் கடைசிப் பெயர்ப் பெட்டியில்தான் எழுத வேண்டும் என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது. ஒரே அரசின் இரண்டு துறைகள்!

உங்களுக்குப் பான் எடுத்துக் கொடுத்தவர் அந்தக் கட்டாயப் பெட்டியை அப்பா பெயரால் நிரப்பியிருக்கிறார். இதை எண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பான் எண்ணில் நான்காவது எழுத்து தனிநபர் என்பதற்கான P. ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதலெழுத்து. உங்கள் கார்டில் அது M என்று இருந்தால் அந்தத் துறைக்கு நீங்கள் முதல் நாளிலிருந்தே 'முத்தையா'தான். K என்று இருந்தால் தொடக்கத்தில் ஒற்றைப் பெயராகப் பதிந்து, பின்னால் திருத்தியிருக்கிறார்கள். பெயரைத் திருத்தினாலும் எண் மாறாது.

அமெரிக்காவின் படிவங்களும் பான் படிவத்தின் கட்சி. அங்கே சர்நேம் காலியாக இருக்க முடியாது. அதனால் உங்கள் கிவன் நேமைத் தூக்கி சர்நேமில் வைத்துவிட்டு, காலியான கிவன் நேமில் FNU போடுகிறார்கள். இது பல்கலைக்கழகம் தன்னிஷ்டத்துக்குச் செய்தது இல்லை, மாணவர் பதிவுக்கென்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் விதி. விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்திலும் இதே முறைதான். கனடாவும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில்தான் கேட்கும், ஆனால் மற்றதைக் காலியாக விடச் சொல்லும். அங்கே FNU கிடையாது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பன்னாட்டு விதி இருக்கிறது. பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஐசிஏஓ என்ற ஐ.நா. அமைப்பு வகுத்த வடிவம் அது. ஒவ்வொரு வரியிலும் 44 இடம். முதல் வரியில் நாட்டுக்குறியீடு முடிந்ததும் முதன்மைப் பெயர் வரும், பிறகு இரண்டு `<` குறி, பிறகு துணைப் பெயர். ஒரே பெயர்தான் என்றால் அது முதன்மை இடத்தில் வர வேண்டும். விதிப்படி எழுதினால் சர்நேம் இல்லாத கயல்விழியும், சர்நேம் உள்ள கயல்விழியும் இப்படி இருப்பார்கள்:

```
P<INDKAYALVIZHI<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<
P<INDMUTHAIAH<<KAYALVIZHI<<<<<<<<<<<<<<<<<<<
```

முதல் வரியைப் படிக்கும் இயந்திரத்துக்குக் கயல்விழி என்பதே சர்நேம். கண்ணால் படிக்கும் மனிதருக்கு அது கிவன் நேம். கவுன்டரில் நடக்கும் குழப்பங்களில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டின் முதல் வரியை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படியே போனால்

ஒரு வழி, எதையும் தொடாமல் FNU-வோடு போவது. சட்டப்படி தடை இல்லை. ஐ-20, டிஎஸ்-160, விசா மூன்றிலும் சர்நேம் KAYALVIZHI, கிவன் நேம் FNU என்று ஒரே மாதிரி இருக்கும். அந்த மூன்றும் ஒத்துப்போவதுதான் முக்கியம். விமான டிக்கெட்டும் விசாவை ஒட்டியே இருப்பது நல்லது. விமான நிறுவனங்களின் பதிவில் சர்நேம் முதலில், பிறகு சாய்கோடு, பிறகு பெயரும் விளிப்பும் வரும்:

```
KAYALVIZHI/FNU MS
```

சில நிறுவனங்கள் FNU-வை ஏற்காமல் அதே பெயரை இரண்டு பெட்டியிலும் எழுதச் சொல்லும். சில, பெயர்ப் பெட்டியில் MS என்ற விளிப்பையே போடச் சொல்லும். எல்லோருக்கும் பொதுவான ஒரு முறை இல்லை. அதனால் எந்த நிறுவனத்தில் போகிறீர்களோ அதன் இணையதளத்தில் ஒற்றைப் பெயருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, மின்னஞ்சலிலும் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறுகிற டிக்கெட் என்றால் இரண்டு நிறுவனத்திடமும் கேட்க வேண்டும், முதல் கவுன்டரில் ஒத்துக்கொண்டதை இரண்டாவது கவுன்டர் ஒத்துக்கொள்ளாமல் போன கட்சிக்காரர்கள் எனக்கு உண்டு. போர்டிங் பாஸில் FNUMS என்று ஒட்டி அச்சாகியிருந்தால் பதற வேண்டாம், அது அச்சிடும் பழக்கம். ஆனால் அப்பா பெயரை நீங்களாகவே சர்நேம் பெட்டியில் தட்டிவிட்டு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாமல், டிக்கெட்டில் மட்டும் MUTHAIAH இருந்தால் அது இரண்டு வேறு ஆட்களின் பெயராகத்தான் படும். கவுன்டரில் நிறுத்துவார்கள்.

அங்கே போய் இறங்கிய பிறகு FNU உங்களை விடாது. பல்கலைக்கழக மின்னஞ்சல், வங்கி அட்டை, பேராசிரியர் கையிலிருக்கும் வகுப்புப் பட்டியல் எல்லாவற்றிலும் 'ஃப்னு கயல்விழி' என்று வரும். நுழைவுப் பதிவான ஐ-94-ஐ இணையத்தில் எடுக்கும்போதும் முதல் பெயராக FNU என்று கொடுத்தால்தான் பல நேரம் கிடைக்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு மாதிரி எழுதும். படித்துவிட்டு இரண்டு ஆண்டில் திரும்பி வருவதாக இருந்தால் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய தொந்தரவுதான். வேலை, நீண்டகால வாசம் என்று எண்ணம் இருந்தால் ஒவ்வொரு புது ஆவணமும் பழைய குழப்பத்தின் மேல் இன்னொரு அடுக்கு. அங்கே போன பிறகும் இந்தியத் தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட்டை மாற்றலாம், ஆனால் அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் தொடங்கி வங்கி வரை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வர வேண்டும்.

சர்நேம் சேர்த்தால்

இன்னொரு வழி, விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து சர்நேமில் MUTHAIAH சேர்ப்பது. உங்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். காரணம், உங்கள் மற்ற ஆவணங்கள் எல்லாம் ஏற்கெனவே அந்தத் திசையில் நிற்கின்றன. சான்றிதழில் இருக்கும் 'மு', ஆதாரில் இருக்கும் M, பானில் இருக்கும் MUTHAIAH மூன்றும் ஒரே ஆளைச் சொல்கின்றன. பாஸ்போர்ட் மட்டும்தான் தனியாக நிற்கிறது. தாமரை என்று ஒரு பெயரை மட்டும் எல்லா இடத்திலும் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

'கயல்' ஒரு பெட்டியில், 'விழி' இன்னொரு பெட்டியில் என்று பெயரை உடைக்கச் சொல்லி யாராவது யோசனை தந்தால் வேண்டாம். அப்படி ஒரு பெயர் உங்கள் சான்றிதழ் எதிலும் இல்லை. குழப்பம் ஒன்று குறைந்து இரண்டு கூடும்.

இதில் நீங்கள் இழப்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உங்களை 'மிஸ் முத்தையா' என்று கூப்பிடுவார்கள், அப்பாவுக்கு வந்த கடிதமோ என்று தோன்றும் அளவுக்குக் கடிதங்கள் வரும். நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதன் சர்நேம் என்ன என்ற கேள்வியும் எழும், உங்களுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று மூன்று சர்நேம் உள்ள குடும்பம் சட்டப்படி எந்தத் தவறும் இல்லாதது, ஆனால் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். இதை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கெஜட் விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஏஜென்ட் இரண்டு வேறு காரியங்களைக் கலந்துவிட்டார். கயல்விழி என்பதை மாலதி என்று மாற்றினால் அது முழுப் பெயர் மாற்றம், கெஜட் அறிவிப்பு, நாளிதழ் விளம்பரம் என்று போகும். நீங்கள் செய்வது இருக்கும் இனிஷியலை விரித்து எழுதுவது. அப்பா பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான், விரித்த பெயரோடு ஆதார் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தினால் கெஜட் பொதுவாகத் தேவைப்படாது. அதிகாரி கூடுதலாக ஏதாவது கேட்டால் அவர் கேட்டதை மட்டும் கொடுங்கள். முன்கூட்டியே கெஜட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வராதீர்கள்.

வரிசை முக்கியம், அதை மட்டும் கவனியுங்கள். முதலில் ஆதார். Kayalvizhi M என்பதை Kayalvizhi Muthaiah என்று மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், எனவே எழுத்துக்கூட்டலைப் பானில் உள்ளபடியே, ஒரு h கூட மாறாமல் கொடுங்கள். அடுத்து பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவெளியீடு, காரணம் தனிப்பட்ட விவரங்களில் மாற்றம். 36 பக்கப் புத்தகத்துக்கு சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். போலீஸ் விசாரணை மறுபடி வரலாம், அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள். கிவன் நேமில் KAYALVIZHI அப்படியே, சர்நேமில் MUTHAIAH.

புதுப் பாஸ்போர்ட் எண் வேறாக இருக்கும். அதன் நகலைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பினால் பெயரைத் திருத்தி ஐ-20-ஐ மறுபடி தருவார்கள். உங்கள் பதிவின் N எழுத்தில் தொடங்கும் எண் மாறாது. மாணவர் பதிவுக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டியிருந்தால் அது அந்த எண்ணோடு சேர்ந்தது, மறுபடி கட்ட வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் டிஎஸ்-160. 'வேறு பெயர்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லி, பழைய பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை எழுதுங்கள். மறைக்க எதுவும் இல்லை, பழைய பாஸ்போர்ட்டும் நேர்காணலுக்குக் கையில் இருக்கட்டும்.

இத்தனைக்கும் நாள் போதாது, வகுப்பு தொடங்கிவிடும் என்று தெரிந்தால் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். FNU-வோடு விசா வாங்கிக் கிளம்புங்கள். விசா வந்த பிறகு, கிளம்புவதற்கு முன்பு, அவசரமாகப் பாஸ்போர்ட்டை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. விசா ஒரு பெயரில், பாஸ்போர்ட் இன்னொரு பெயரில் என்று விமான நிலையத்தில் நிற்பீர்கள்.

வங்கி

கல்விக் கடன், கட்டணம் அனுப்புவது எல்லாம் பானை வைத்துத்தான் நடக்கும். உங்கள் கணக்கு M KAYALVIZHI, பான் KAYALVIZHI MUTHAIAH. உள்ளூரில் ஜி-பே அனுப்பும்போது யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்குப் பணம் போகும்போது கிளையில் நிறுத்தி விளக்கம் கேட்கலாம். ஆதாரும் பானும் ஒரே எழுத்தில் வந்ததும் கிளைக்குப் போய் கேஒய்சி புதுப்பிப்பில் பெயரை அதேபோல மாற்றச் சொல்லுங்கள். பணம் அனுப்பும் படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் பல்கலைக்கழக மாணவர் எண்ணைத் தவறாமல் எழுதுங்கள், அந்தப் பக்கம் பணத்தைக் கண்டுபிடிப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வைத்துக்கொள்ளலாம். இங்குள்ள வங்கிக் கிளையிலும் கல்லூரியிலும் அது செல்லும். அமெரிக்கத் தூதரகத்தையோ விமான நிறுவனத்தையோ அது கட்டுப்படுத்தாது. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அதை நீட்டி வேலை நடக்காது.

துபாய்

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அங்கே குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. அறிவிப்பு வந்த சில நாளிலேயே ஒரு விளக்கமும் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முத்தையா பெயர் இருக்கும். ஆக, இப்போதுள்ள பாஸ்போர்ட்டிலும் வழி இருக்கிறது. ஆனால் விமானத்தில் ஏற்றலாமா என்று முடிவு செய்வது சென்னை கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு விளக்கம் தெரியுமா, முதல் அறிவிப்பு மட்டும் தெரியுமா என்று உங்களுக்குத் தெரியாது. விமான நிறுவனத்திடம் முன்பே எழுத்தில் உறுதி வாங்காமல், அமெரிக்கப் பயணத்தின் நடுவே இதைச் செருகாதீர்கள். சர்நேம் உள்ள புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை, தாராளமாக அக்கா வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டுப் போங்கள்.

எப்படியானாலும் விமான டிக்கெட்டை இப்போது போட வேண்டாம். எந்தப் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வருகிறதோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துப் போடுங்கள். பெரும்பாலான டிக்கெட்டுகளில் ஓரெழுத்துத் திருத்தம் செய்வார்கள், பெயரின் ஒரு பாதியையே சேர்க்கச் சொன்னால் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்வார்கள்.